அத்தையிடம் பாட்டைக் கேட்காதீர்கள், குச்சியைக் கொடுங்கள்



பொங்கல் முடிந்து இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். நம் குளத்தூர் பொங்கல் விழாவில் எங்கள் தெருப் பெண்கள் ஆடிய கோலாட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், அந்தப் பாட்டு வரிகளை டைப் பண்ணிப் போடுங்களேன்." என் தம்பி மகன் இன்னும் ஒரு படி மேலே போய், "வரியை மட்டும் குரூப்பில போட்டுருங்க அத்தை, பாட்டு பத்திரமா இருக்கும்" என்றான்.

நான் போடப்போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. வரியை மட்டும் எழுதிவைத்தால் அந்தப் பாட்டு பத்திரமாக இருக்காது என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள். நடுவில் எழுந்து போனாலும் பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஆடிய கோலாட்டம் அது. மழை வந்து, நீர் பெருகி, நாற்று விட்டு, நடவு முடிந்து, கதிர் வீட்டுக்கு வரும் வரை ஒவ்வொரு கண்ணியாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. எனக்கு முதல் இரண்டு வரி மட்டும் ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம் ராகமாகத்தான் காதில் நின்றது. விழாக் குழுப் பிள்ளைகள் வந்து "பழைய பாட்டு ஒண்ணு வேணும் டீச்சர்" என்று கேட்டதும் எங்கள் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு 84 வயது. ஒரு காலத்தில் அவர்தான் எங்கள் தெருவில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர்.

நோட்டும் பேனாவுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, "அத்தை, அந்தப் பாட்டைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். அத்தை கண்ணை மூடினார். மூன்று வரி சொன்னார். நாலாவது வரியில் நின்றுவிட்டார். மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார், அதே இடத்தில் நின்றார். மூன்றாம் முறை வேறு ஏதோ ஒரு பாட்டின் வரி வந்து ஒட்டிக்கொண்டது. "எல்லாம் போச்சு தாயி, மண்டையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வயதில் ஒருவரைத் தேர்வு எழுத வைத்துத் தோற்கடித்துவிட்டேனே என்று எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது.

மறுநாள் நோட்டு இல்லாமல் போனேன். பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கிய கோலாட்டக் குச்சிகள் வீட்டில் கிடந்தன. ஜிகினாத் தாள் சுற்றியது. ஒரு ஜோடியை அத்தை கையில் கொடுத்துவிட்டு, நான் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அத்தை இரண்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். "இதுல சத்தமே இல்லையே. தாளைக் கிழி" என்றார். கிழித்த பிறகு இன்னொரு தரம் தட்டினார். மரம் மரத்தோடு மோதும் அந்த ஓசை வந்ததும் அவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். பாட்டை ஆரம்பிக்கும் முன்பே கை ஆரம்பித்துவிட்டது.

அந்தக் கை என்ன செய்தது என்பதுதான் இந்தப் பதிவின் உயிர். எட்டு எண்ணிக்கை. ஒன்றில் தன் இரண்டு குச்சியையும் தானே தட்டிக்கொள்வது. இரண்டில் வலக் குச்சியை எதிராளியின் வலக் குச்சியோடு தட்டுவது. மூன்றில் மறுபடி தன் குச்சிகள். நாலில் இடது இடதோடு. ஐந்தில் தன் குச்சிகள். ஆறில் மீண்டும் வலது வலதோடு. ஏழில் தன் குச்சிகள். எட்டில் ஒன்றும் இல்லை, மௌனம். தன் குச்சியைத் தட்டுவதை 'த' என்றும், வலதை 'வ' என்றும், இடதை 'இ' என்றும் வைத்துக்கொண்டால் இப்படி வரும்:

த வ த இ த வ த –

ஏழு ஓசை, ஒரு மௌனம். தன் குச்சியைத் தானே தட்டும்போது ஓசை சன்னமாக இருக்கும். எதிராளியோடு தட்டும்போது ஓங்கி ஒலிக்கும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எத்தனையாவது அடியில் இருக்கிறோம் என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

அந்த எட்டாவது மௌனம் சும்மா வைத்தது இல்லை. பாட்டு எடுத்துக் கொடுப்பவர் ஒரு வரியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் இடம் அது. அடுத்த எட்டில் அதே வரியைக் கூட்டம் திருப்பிப் பாடும். முதல் மௌனத்தில் பாட்டு கை மாறும். இரண்டாவது மௌனத்தில் ஆள் மாறும், அதாவது ஒவ்வொருவரும் எதிரே இருப்பவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய் நிற்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அத்தை பாட ஆரம்பித்தார். மூன்று வரி வந்தது. நாலாவது வரியில் முந்தைய நாள் நின்ற அதே இடத்தில் வார்த்தை நின்றது. ஆனால் கை நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. வார்த்தை இல்லாத இடத்தில் அத்தை 'தன்ன தன்ன' என்று நிரப்பிக்கொண்டு, வரியின் கடைசிச் சொல்லைச் சரியாகப் பிடித்து முடித்தார். திரும்பவும் சுற்றினோம். மறுபடியும் 'தன்ன தன்ன'. மூன்றாவது சுற்றில் அந்த இடத்தில் வார்த்தை வந்து விழுந்தது. அத்தை பாடிக்கொண்டேதான் இருந்தார், தனக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். மறந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தி "என்ன வார்த்தை, யோசிங்க" என்று கேட்டால் வராது. ஓட்டத்தை விடாமல் அந்த இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்ட வேண்டும். டேவிட் ரூபின் என்ற உளவியல் பேராசிரியர் வாய்மொழிப் பாட்டுகள் எப்படி நினைவில் நிற்கின்றன என்பது பற்றி 1995-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். காப்பியம், கதைப்பாட்டு, பிள்ளைகள் விளையாட்டில் எண்ணும் பாட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு அவர் சொல்வதன் சாரம் இதுதான்: தாளமும் எதுகை போன்ற ஓசை ஒற்றுமையும் பொருளும் சேர்ந்து, அடுத்து வரக்கூடிய வார்த்தைகளின் எண்ணிக்கையைக் குறுக்கிவிடுகின்றன. "அடுத்து என்ன?" என்று வெறுமனே கேட்டால் மனசுக்கு முன்னால் பெரிய கடல். தாளத்தோடு கேட்டால் ஒரு சின்னச் சந்து. அந்தச் சந்துக்குள் நுழையக்கூடிய வார்த்தை நாலோ ஐந்தோதான் இருக்கும்.

அந்தச் சந்து எவ்வளவு சின்னது என்று காட்டுகிறேன். இங்கேதான் உங்களுக்கு நான் நடத்திய மாத்திரைக் கணக்கு உதவப்போகிறது. "இதெல்லாம் எதுக்கு டீச்சர், பரீட்சைக்கு ஒரு மார்க்குதானே வரும்" என்று கேட்டவர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு மாத்திரை இடம். குறில் ஒன்று, நெடில் இரண்டு. பாடும்போது குறிலோடு ஒற்று சேர்ந்தால் அதுவும் இரண்டு மாத்திரை நேரம் எடுத்துக்கொள்ளும். அத்தை மறந்த இடம் மூன்றாவது, நாலாவது தட்டுகள். ஆக, நாலு மாத்திரை கொண்ட சொல் வேண்டும். வரி முழுவதும் நீர் பெருகி நிற்பதைப் பற்றியது. முதல் நாள் திண்ணையில் நானே கெட்டிக்காரத்தனமாக ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்திருந்தேன். நம் ஊர் குளத்தூர் ஆயிற்றே, 'குளத்தில்' என்றுதான் இருக்கும் என்று சொன்னேன். அத்தையும் "அப்படித்தான் இருக்கும்" என்று தலையாட்டினார். நோட்டிலும் எழுதிவிட்டேன்.

குச்சியோடு பாடிப் பார்த்தால் அது உட்காரவே இல்லை. கு ஒரு மாத்திரை, ளத் இரண்டு, தில் இரண்டு, மொத்தம் ஐந்து. ஒரு மாத்திரை கூடுதல். அது மட்டும் இல்லை, நாலாவது தட்டு, இடது இடதோடு ஓங்கித் தட்டும் அந்த அடி, 'ளத்' என்ற அசையின் நடுவில் போய் விழுகிறது. வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்று சொல்லும். அத்தைக்கு வந்து விழுந்த சொல் 'கம்மாய்'. கம் இரண்டு, மாய் இரண்டு. மூன்றாவது தட்டில் கம், நாலாவது தட்டில் மாய். பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தியது. அந்த வரி 'கா' என்ற எழுத்தில் ஆரம்பிக்கிறது. காவுக்குக் 'க' மோனை, 'கு' மோனை இல்லை. ஆக, தாளமும் மோனையும் சேர்ந்து டீச்சர் சொன்னது தப்பு, அத்தை பாடியது சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டன.

நினைத்துப் பாருங்கள். நான் வரியை மட்டும் எழுதி அன்றே குரூப்பில் போட்டிருந்தால் 'குளத்தில்' என்றுதான் ஊரெல்லாம் போயிருக்கும். பத்து வருஷம் கழித்து, குளத்தூர்க்காரர்கள் குளத்தைப் பாடினார்கள் என்று யாராவது கட்டுரைகூட எழுதியிருப்பார்கள்.

அடுத்தது, கண்ணிகளின் வரிசை. எங்கள் சித்தப்பா ஒருவருக்கு இந்தப் பாட்டின் வரிகள் அத்தையைவிட நிறையவே தெரிந்திருந்தது. அவர் ஆடியவர் இல்லை, ஓரமாக நின்று கேட்டவர். ஆனால் எந்தக் கண்ணி முன்னால், எது பின்னால் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் வரிசை மாறியது. சரி, ஆடிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அத்தை வயதை ஒட்டிய மூன்று பேரைத் தேடிப் பிடித்தோம், அத்தையோடு சேர்த்து நாலு பெரியவர்கள். எதிரே பள்ளிக்கூடம் படிக்கும் நாலு பெண் பிள்ளைகள். மொத்தம் எட்டுப் பேர், வட்டமாக நாலு ஜோடி. முழங்கால் வலி இருப்பவர்கள் மெதுவாக நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டோம். குச்சியைத் தச்சரிடம் சொல்லி மரத்தில் செய்துகொண்டோம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், கட்டைவிரல் பருமன்.

ஆட்டத்தில் மூன்று விதமான அடவு இருந்தது. முதலில் நேராக நின்று தட்டுவது. பிறகு எதிரெதிர் வரிசை குறுக்கே கடந்து தட்டுவது. பிறகு குனிந்து தரைக்குப் பக்கத்தில் தட்டுவது. குனிந்ததும் நாலு பெரியவர்களும் யாரும் சொல்லாமலே ஒரே கண்ணியைப் பாடினார்கள். அது நடவுக் கண்ணி. சித்தப்பா அதைக் கடைசியில் சொல்லியிருந்தார். குனிந்து ஆடும் இடத்தில் குனிந்து நடும் பாட்டு வருகிறது என்றால் இனி வரிசையைப் பற்றிச் சண்டையே வேண்டாம். வரிசை அவர்கள் தலையில் இல்லை, இடுப்பில் இருந்தது.

இப்போது, நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஆள் மாறும் விஷயத்துக்கு வருகிறேன். எட்டுப் பேரில் நாலு பேர் ஒரு திசையில், நாலு பேர் எதிர்த்திசையில். ஒவ்வொரு வரி முடிந்ததும் அடுத்த ஆள். அப்படியானால் நாலு வரி முடியும்போது முதலில் எதிரே நின்றவரே மறுபடி எதிரே வந்து நிற்பார். அப்போது ஒரு கண்ணி முடிந்தது என்று அர்த்தம். "நம்ம ஜோடி வந்தா கண்ணி முடிஞ்சுது" என்பதுதான் அத்தை சொன்ன கணக்கு. முதல் கண்ணியில் ஜோடி சரியாக வந்தது. இரண்டாவதிலும் வந்தது. நடவுக் கண்ணியில் மூன்று வரி பாடி எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் எதிரே நின்றது வேறு ஆள். எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழித்தார்கள். ஒரு வரி குறைகிறது.

பேப்பரில் பார்த்தால் அந்தக் கண்ணியில் குறை இருப்பதே தெரிந்திருக்காது. மூன்று வரியிலும் பொருள் முடிந்துதான் இருந்தது. ஆட்டம்தான் காட்டிக் கொடுத்தது.

குச்சி எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நல்ல ஆசிரியை இல்லை. குச்சி வார்த்தையின் அளவைத்தான் சொல்லும், வார்த்தையைச் சொல்லாது. 'கம்மாய்' என்று அத்தை பாடினார். கூட ஆடிய இன்னொரு பாட்டி 'கண்மாய்' என்று பாடினார். மாத்திரை ஒன்றுதான், மோனையும் ஒன்றுதான். எது முதலில் இருந்தது என்று எந்தத் தாளமும் சொல்லாது. இரண்டாவது கண்ணியில் ஒருவர் கொக்கு என்றார், ஒருவர் மைனா என்றார். இரண்டும் இரண்டு தட்டுக்குள் அடங்குகின்றன. இந்த மாதிரி இடத்தில் நாம் நீதிபதி ஆகக் கூடாது. இரண்டையும் குறித்துவைத்து, யார் எப்படிப் பாடினார்கள் என்று பக்கத்தில் எழுதிவிட வேண்டும். நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு ஆபத்து, வேற்றுப் பாட்டு உள்ளே நுழைவது. முதல் நாள் அத்தைக்கு ஒட்டிக்கொண்டதே, அந்த வரி. அது ஒரு கும்மிப் பாட்டின் வரி என்று பிறகு தெரிந்தது. எப்படித் தெரிந்தது? எங்கள் பக்கத்தில் கும்மி பெரும்பாலும் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக நடக்கும். இந்தக் கோலாட்டமோ 'தகதிமி தகதிமி' என்று நாலு நாலாக நடப்பது. மூன்றின் நடையில் பிறந்த வரியை நாலின் நடையில் பாடினால் ஓங்கித் தட்டும் அடி சொல்லின் தொடக்கத்தில் விழாமல் நடுவில் நடுவில் விழுந்துகொண்டே போகும். ஒரு இடத்தில் இடறினால் மறதி. வரி முழுக்க இடறினால் அது வேற்று ஊர்க்காரி. அடையாளம் கண்டுபிடிக்க இது போதும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு நம் குடுமியான்மலைதான் நினைவுக்கு வருகிறது. உங்களில் பல பேரைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். புளியோதரைப் பொட்டலம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு இசைக் கல்வெட்டு இருக்கிறதே, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்வார்கள். ஏழு பகுதிகளாகப் பிரித்து, சுரங்களை நாலு நாலாகச் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பாட்டு வரிகூடக் கிடையாது, சுரம் மட்டும்தான். தன் சீடர்களின் நன்மைக்காகச் செய்ததாகச் செய்தவரே அதன் முடிவில் குறித்திருக்கிறார். ஒரு ஆசிரியையாக அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் அந்தக் கல்வெட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கல்லில் வெட்டியது ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது. அதை எந்த வேகத்தில், எந்த அசைவோடு வாசித்தார்கள் என்பதைக் கையோடு கையாகக் கற்றுக்கொடுக்கும் வரிசை அறுந்துவிட்டது. அதனால் அறிஞர்கள் அதற்கு இன்றைக்கும் வேறு வேறு விளக்கம் சொல்கிறார்கள். அங்கே சுரம் இருக்கிறது, கை இல்லை. வரியை மட்டும் டைப் அடித்துப் போட்டால் நம் பாட்டுக்கும் நாளை அதே கதிதான், சொல் இருக்கும், கை இருக்காது. 1940-களில் ஹில்டகார்ட் ஸ்ப்ரீன் என்ற அம்மையார் தென்னிந்தியாவின் கும்மியையும் கோலாட்டத்தையும் புத்தகமாக எழுதினார். எப்படி நிற்பது, எப்படி நகர்வது என்று ஆட்டத்தையும் விளக்கித்தான் எழுதினார். பாட்டை ஆட்டத்திலிருந்து பிரிக்க முடியாது என்பது வெளியூரிலிருந்து வந்தவருக்கே தெரிந்திருக்கிறது.

எனக்குத் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பள்ளியில் இருந்த காலத்தில் ஆண்டு விழாவுக்கு எத்தனை கோலாட்டம் பழக்கியிருப்பேன்! கேசட்டைப் போட்டுவிட்டு, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணி உங்களை ஆட வைத்தேன். நீங்கள் ஆடினீர்கள், யாரும் பாடவில்லை. கேசட் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு பிள்ளை குச்சியைத் தவறவிட்டால் அவள் பின்னால் ஓட வேண்டியதுதான். எங்கள் அத்தை பாட்டு எடுக்கும்போது வட்டத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார். கால் தடுமாறினால் வேகத்தைக் குறைப்பார், சேர்ந்துவிட்டால் ஏற்றுவார். கடைசிக் கண்ணியில் வேகம் ஏறி, குச்சிச் சத்தம் மழை மாதிரி கொட்டும். அந்த ஏற்றம் ஆடுபவர்களுக்கும் பாடுபவருக்கும் நடுவில் பிறப்பது. அதைக் கேசட்டில் அடைக்க முடியாது. நான் உங்களுக்குக் கோலாட்டம் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். குச்சி பிடிக்க மட்டும்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் ஒருவருக்கும் ஒரு கோலாட்டப் பாட்டும் முழுசாகத் தெரியாமல் போனதற்கு நானும் ஒரு காரணம்.

அதனால் பொங்கல் விழாவில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட வேண்டாம் என்று குழுவில் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்லிவிட்டேன். "சத்தம் பத்தாது டீச்சர், கூட்டம் கலைஞ்சுரும்" என்றார்கள். ஒரு மைக்கை அத்தை பக்கத்தில் மட்டும் வைத்தோம். கூட்டம் கலையவில்லை.

அந்தக் காணாமல் போன நாலாவது வரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வரவில்லை. எத்தனையோ சுற்று சுற்றிப் பார்த்தோம், வரவே இல்லை. தம்பி மகன் சொன்னான், "நீங்க தமிழ் டீச்சர்தானே அத்தை, ஒரு வரி எழுதிச் சேர்த்துருங்க, யாருக்குத் தெரியப் போகுது?" எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஏழு தட்டு, பதினாலு மாத்திரை, மோனை எதுகையோடு எழுதிவிட எனக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. ஆனால் நான் எழுதிச் சேர்த்த அன்றைக்கே அந்த வரி செத்துப்போகும். காலி இடம் இருக்கும் வரைக்கும்தான் யாராவது தேடுவார்கள். நிரப்பிவிட்டால் தேடவேண்டும் என்பதே மறந்துபோகும்.

அதனால் விழாவில் அந்த இடம் வந்தபோது எட்டுப் பேரும் ஒரு வரி முழுக்க 'தன்னன்னா' என்றே பாடினார்கள். வீடியோவில் கவனித்துப் பாருங்கள், குனிந்து ஆடும் கண்ணியின் கடைசி வரி. நிறையப் பேர் அதை அழகுக்காகப் பாடியது என்று நினைத்துப் பாராட்டியிருந்தீர்கள். அது அழகு இல்லை, காயம். குச்சி மட்டும் தட்டிக்கொண்டு, வார்த்தைக்காகக் காத்திருக்கும் இடம் அது.

அத்தைக்கு இப்போது காது மந்தம் அதிகமாகிவிட்டது. பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேசினால்தான் கேட்கிறது. குச்சிச் சத்தம் மட்டும் இன்னும் நன்றாகக் கேட்கிறதாம். அவரோடு அந்தக் காலத்தில் ஆடியவர்கள் கீரனூர்ப் பக்கமும் நார்த்தாமலைப் பக்கமும் வாக்கப்பட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் இருக்கலாம்.

இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ "உனக்கு அந்தப் பாட்டு தெரியுமா?" என்று கேட்காதீர்கள். தெரியாது என்றுதான் சொல்வார்கள். தாள் சுற்றாத மரக் குச்சி இரண்டைக் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, மேலே நான் எழுதிய எட்டு எண்ணிக்கையைத் தட்டுங்கள். அவர்கள் கை வேறு மாதிரி போனால் அதன் வழியே போங்கள், திருத்தாதீர்கள். வார்த்தை நின்றாலும் குச்சியை நிறுத்தாதீர்கள். போனில் பதிவு செய்வதென்றால் குச்சிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், தட்டும் ஓசை பாட்டை விழுங்கிவிடும். நாலைந்து அடி தள்ளி, கையும் முகமும் தெரிகிற மாதிரி வையுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுக்காமல் முழுசாக இரண்டு தடவை எடுங்கள். முதல் தடவை விட்டதை இரண்டாவது தடவை பிடித்துவிடுவார்கள்.

நடவுக் கண்ணியின் நாலாவது வரி யார் கையிலாவது இருந்தால், எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். போன் செய்யுங்கள், அத்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எதிரே உட்கார்ந்து தட்டிக் காட்டினால் போதும், அத்தை பிடித்துக்கொள்வார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்